ஒரே டெக்கில் இரண்டு கணக்கு: தோட்டத்து ரிவியூ ஸ்லைட்களில் எண்கள் ஒத்துப்போகாதபோது

ஹட்டன், தலவாக்கலை பக்கத்துத் தோட்ட அலுவலகங்களில் வேலை செய்யும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பவை இவை. வருஷ ரிவியூவுக்கு ஆளுக்கொரு ஸ்லைட் அனுப்புவார்கள். யாரோ அவற்றை ஒன்றாய்க் கோப்பார்கள். கடைசியில் கிளாக்கரைக் கூப்பிட்டு "இதுக்கு ஒரு பக்கச் சுருக்கம் எழுது" என்பார்கள். அப்போதுதான் எண்கள் சண்டை போடுவது தெரியவரும். எல்லாப் பதிலுக்கும் ஒரே டெக்கையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்: பதினான்கு ஸ்லைட், ஏப்ரல் முதல் மார்ச் வரையான கணக்கு வருஷம், சொந்தத் தொழிற்சாலை உள்ள தோட்டம். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. பிழைகள் எல்லாம் நான் பார்த்த வகை.

ஸ்லைட் 2-இல் உற்பத்தி 312,000 கிலோ. ஸ்லைட் 5-இல் 252,000 கிலோ. எது சரி?

இரண்டும் சரிதான். ஸ்லைட் 2 தொழிற்சாலையில் இருந்து வந்தது, ஸ்லைட் 5 வெளிக்களத்தில் இருந்து வந்தது. தொழிற்சாலை தோட்டத்துக் கொழுந்தை மட்டும் அரைப்பதில்லை. பக்கத்துச் சிறுதோட்டக்காரர்களிடம் வாங்கிய கொழுந்தும் அதே தொட்டியில் வாடி, அதே ரோலரில் போகிறது. ஆக 312,000 என்பது தொழிற்சாலையில் இருந்து வெளிவந்த மொத்தத் தேயிலை. 252,000 என்பது அதில் சொந்த மலையின் பங்கு. மீதி 60,000 வாங்கிய கொழுந்தில் வந்தது.

இதை ஊகமாக விட்டுவிடக் கூடாது, கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஸ்லைட் 8-இல் தொழிற்சாலை நிறுத்த பச்சைக் கொழுந்து 1,450,000 கிலோ என்று இருக்கிறது. 312,000-ஐ அதால் வகுத்தால் 21.5 வீதம் வரும். நூறு கிலோ கொழுந்துக்கு இருபத்தொன்று, இருபத்திரண்டு கிலோ தேயிலை என்பது டீமேக்கர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு, அதனால் இந்த வீதத்தில் சந்தேகம் இல்லை. வாங்கிய கொழுந்து 279,000 கிலோ என்று அதே ஸ்லைட்டின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கிறது. அதன் 21.5 வீதம் கிட்டத்தட்ட 60,000. இடைவெளி சரியாக மூடிவிட்டது.

ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு கொழுந்தும் கலந்து அரைபடுவதால் அந்த 60,000 கிலோவைத் தனியாக யாரும் தராசில் வைத்ததில்லை. மொத்த வீதத்தை வைத்துப் பங்கு பிரித்த எண் அது. 252,000-உம் அப்படித்தான். சுருக்கத்தில் இவற்றைக் கடைசி கிலோ வரை எழுதினால், இல்லாத துல்லியத்தைக் காட்டுவதாகிவிடும்.

விளைச்சல் ஒரு ஸ்லைட்டில் ஹெக்டேயருக்கு 1,050, இன்னொன்றில் 1,300. இதுவும் அதே மாதிரி இரண்டும் சரிதானா?

இல்லை, இங்கே ஒன்று பிழை. எது பிழை என்று கண்டுபிடிக்க நான் எப்போதும் செய்வது ஒன்றுதான்: வகுத்து வந்த எண்ணைத் திரும்பப் பெருக்குவது. பறிக்கும் நிலம் 240 ஹெக்டேயர் என்று ஸ்லைட் 6 சொல்கிறது. 1,050 × 240 = 252,000. 1,300 × 240 = 312,000. ஆக ஸ்லைட் 13-ஐச் செய்தவர் தொழிற்சாலையின் மொத்தத் தேயிலையை எடுத்து, சொந்த நிலத்தால் வகுத்திருக்கிறார். ஊரார் நிலத்தில் விளைந்ததைத் தன் மலைக்கணக்கில் ஏற்றிவிட்டார். மேலே இருக்கும் எண்ணும் சரி, கீழே இருக்கும் எண்ணும் சரி. இரண்டையும் சேர்த்து வகுத்ததுதான் தப்பு. இந்த வகைப் பிழை கண்ணில் படாமல் போவதற்குக் காரணமே அதுதான்.

எனக்கே இது நடந்தது. வேறொரு தோட்டத்தில் இருந்தபோது, பெரிய எண் துரைக்குச் சந்தோஷமாய் இருக்கும் என்று, அதைத்தான் சுருக்கத்தில் போட்டேன். விசிட்டிங் ஏஜன்ட் படித்துவிட்டு, "எந்த டிவிஷன்ல இவ்வளவு வருது, வாங்க போய்ப் பார்ப்போம்" என்றார். பார்க்கப் போக மலையே இல்லை.

அதே டெக்கில் மூன்றாவது எண்ணும் ஒளிந்திருக்கிறது. ஸ்லைட் 4 தேயிலை நிலம் 262 ஹெக்டேயர் என்கிறது. 240-க்கும் 262-க்கும் இடையில் உள்ள 22 ஹெக்டேயர் மீள்நடுகை செய்த இளங்கன்று. அதில் இன்னும் கொழுந்து எடுப்பதில்லை. 252,000-ஐ 262-ஆல் வகுத்தால் 962 வரும். யாராவது கூட்டத்தில் ஃபோனில் கணக்குப் போட்டு இந்த 962-ஐச் சொல்லக்கூடும். ஆகவே சுருக்கத்தில் விளைச்சலுக்குப் பக்கத்திலேயே எந்த நிலத்தால் வகுத்தது என்று எழுதிவிடுங்கள்.

உற்பத்திச் செலவு கிலோவுக்கு 1,020 ரூபா என்று ஒரு இடத்தில், 985 ரூபா என்று இன்னொரு இடத்தில். மொத்தச் செலவு இரண்டிலும் 318.2 மில்லியன்தான். எப்படி?

மேலே உள்ள எண் ஒன்றாக இருந்தும் விடை மாறினால், மாறியது வகுக்கும் எண். அதைப் பிடிக்க 318.2 மில்லியனை 985-ஆல் வகுங்கள். 323,000 கிலோவும் கொஞ்சமும் வரும். இப்போது டெக் முழுதும் அந்த 323,000-ஐத் தேடுங்கள். ஸ்லைட் 7-இல் மாதாந்தக் கோட்டுப்படத்துக்குக் கீழே, "ஜனவரி–டிசம்பர் மொத்தம்" என்று உட்கார்ந்திருக்கிறது.

விஷயம் விளங்கிவிட்டது. செலவு ஏப்ரல்–மார்ச் கணக்கு, உற்பத்தி காலண்டர் வருஷக் கணக்கு. ஒரு வருஷச் செலவை வேறொரு வருஷத் தேயிலையால் வகுத்திருக்கிறார்கள். கம்பனிக் கணக்கு மார்ச்சில் முடிகிறது. தேயிலைப் புள்ளிவிபரங்கள் பெரும்பாலும் டிசம்பரில் முடிகின்றன. தோட்டத்து டெக்கில் இந்த இரண்டும் கலக்காமல் இருந்தால்தான் அதிசயம்.

இதைச் சந்தேகமில்லாமல் உறுதிசெய்ய வழி உண்டு. இரண்டு வருஷங்களுக்கும் ஏப்ரல் முதல் டிசம்பர் வரை பொது. வித்தியாசம் ஜனவரி, பெப்ரவரி, மார்ச் மட்டும்: காலண்டர் கணக்கில் போன தடவை மூன்று மாதம், கம்பனிக் கணக்கில் இந்தத் தடவை மூன்று மாதம். கோட்டுப்படத்தில் போன முதல் காலாண்டு 71,000 கிலோ. இந்த முறை வெயில் அடித்து 60,000. வித்தியாசம் 11,000. 323,000-இல் இருந்து 312,000-ஐக் கழித்தாலும் 11,000. இவ்வளவு பொருந்திய பிறகு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. 985-ஐத் தள்ளிவிட்டு 1,020-ஐ வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு எண்ணின் சராசரியைப் போட்டால் பிரச்சினை தீராதா?

1,020-க்கும் 985-க்கும் நடுவில் எந்தச் செலவும் இல்லை. சராசரி போட்டால் டெக்கில் இருந்த இரண்டு எண் மூன்றாகும், அவ்வளவுதான்.

பதினான்கு ஸ்லைட்டில் இப்படி எத்தனை முரண்பாடு இருக்கிறது என்று எப்படித் தேடுவது? வாசித்துக்கொண்டே போனால் பிடிபடுமா?

பிடிபடாது. ஒரு ஸ்லைட்டை வாசிக்கும்போது அது தனக்குத்தானே ஒழுங்காகத்தான் இருக்கும், முந்தைய ஸ்லைட்டின் எண் அதற்குள் மறந்துபோயிருக்கும். எண்களை ஸ்லைட்டை விட்டு வெளியே எடுக்க வேண்டும். நான் எக்செல்லில் ஒரு வரிக்கு ஒரு எண்ணாக இறக்குவேன்: ஸ்லைட் இலக்கம், எண், அளவு, எந்தக் காலம், எதெல்லாம் சேர்ந்தது. கடைசி இரண்டு நிரலும்தான் முக்கியம். ஸ்லைட்டில் காலம் எழுதியில்லை என்றால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம். பின்னால் சிக்கல் வருவது பெரும்பாலும் அந்த வெறும் கட்டத்தில் இருந்துதான்.

அப்புறம் பெயரால் வரிசைப்படுத்தினால், ஒரே பெயரில் இரண்டு எண் அடுத்தடுத்து வந்து நிற்கும். "உற்பத்தி" 312,000, "உற்பத்தி" 252,000 என்று. இது சுலபமான பாதி.

கஷ்டமான பாதி, பெயர் வேறு, ஆனால் ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் எண்கள். ஒரு தடவை கூட எதிரெதிராய் நிற்காமலே இவை முரண்படும். எங்கள் கணக்கில் நான் போட்டுப் பார்ப்பவை நான்கு: கொழுந்தும் தேயிலையும் (வீதம் 21, 22 பக்கம் வருகிறதா), தேயிலையும் நிலமும் (விளைச்சல்), மொத்தச் செலவும் கிலோவும், உற்பத்தியும் விற்பனையும். விளைச்சல் 1,300 என்ற ஸ்லைட் மட்டும் டெக்கில் இருந்து, 1,050 எங்கேயும் இல்லாமல் போயிருந்தாலும், இரண்டாவது பெருக்கலில் அது மாட்டியிருக்கும்.

மறைத்து வைத்த ஸ்லைட்களையும் ஸ்லைட்டுக்குக் கீழே உள்ள பேச்சுக் குறிப்புகளையும் விட்டுவிடாதீர்கள். போன வருஷ டெக்கைக் கொப்பி பண்ணித்தான் இந்த வருஷ டெக் செய்திருப்பார்கள். ஸ்லைட்டில் எண்ணை மாற்றுவார்கள், குறிப்பில் பழையது அப்படியே கிடக்கும். பேசுபவர் அந்தக் குறிப்பைத்தான் பார்த்து வாசிப்பார்.

படத்தில் உள்ள கோல் ஒரு உயரம் காட்டுகிறது, மேலே எழுதியிருக்கும் எண் வேறு. எதை நம்புவது?

முதலில் படத்தின் மேல் வலது கிளிக் செய்து `Edit Data` திறந்து பாருங்கள். கோலின் உயரம் அங்கே உள்ள எண்ணில் இருந்து வருகிறது. மேலே உள்ள எண்ணை யாராவது கையால் அடித்து மாற்றியிருந்தால், பின்னால் தரவு மாறினாலும் அந்த எழுத்து மாறாது. பெரும்பாலும் கதை இதுதான்: கூட்டத்துக்கு முந்தின ராத்திரி துரை ஒரு திருத்தம் சொல்கிறார், யாரோ எழுத்தை மட்டும் மாற்றிவிட்டுப் படுக்கப் போகிறார்.

படம் எக்செல் கோப்போடு இணைக்கப்பட்டதாக இருந்தால், `File > Info > Edit Links to Files` போய் எந்தக் கோப்பில் இருந்து வருகிறது என்று பார்க்கலாம். இணைப்புப் புதுப்பிக்கப்படாமல் பழைய எண்ணோடு நிற்பதும் உண்டு. ஆனால் ஒன்று. கையால் அடித்த எண் பழையதாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. அதுவே கடைசித் திருத்தமாகவும் இருக்கலாம். ஆகவே இரண்டில் எது என்று படம் சொல்லாது. அந்த எண் பிறந்த பதிவேடுதான் சொல்லும்.

ஐந்து டிவிஷனையும் கூட்டினால் 251 வருகிறது, மொத்தம் 252 என்று போட்டிருக்கிறார்கள். இதையும் எழுத வேண்டுமா?

வேண்டாம், இது முழுமையாக்கியதால் வந்தது. எல்லாம் ஆயிரம் கிலோவில் இருக்கிறது: 62, 55, 49, 47, 38. ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் அரை ஆயிரம் மறைந்திருக்கலாம். ஐந்துக்கு இரண்டரை, மொத்தத்திலும் ஒரு அரை, ஆக மூன்று ஆயிரம் வரை மன்னிக்கலாம். கூட்டல் 247 என்று வந்திருந்தால் அது முழுமையாக்கலில் அடங்காது, ஒரு டிவிஷனின் எண் பழையதா என்று பார்க்க வேண்டும். முழுமையாக்கல் என்ற சாக்கு எவ்வளவு தூரம் செல்லும் என்று முதலே கணக்குப் போட்டுவைத்தால் வாக்குவாதம் மிச்சம்.

வெளிக்களம் சொந்தக் கொழுந்து 1,190,000 கிலோ என்கிறது. தொழிற்சாலை 1,171,000 என்கிறது. 19,000 கிலோ எங்கே போச்சு?

போகவில்லை, பெரும்பாலும் காய்ந்திருக்கும். மலையில் நிறுத்த கொழுந்து லொறியில் ஏறி, தொழிற்சாலைத் தராசுக்கு வருவதற்குள் கொஞ்சம் ஈரம் விடும். இரண்டு தராசு, இரண்டு நேரம். சாக்கு எடைக்கும் மழைத் தண்ணிக்கும் கழிப்பதும் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. இங்கே வித்தியாசம் 1.6 வீதம்தான்.

ஆனால் முதல் கேள்வியில் பார்த்த இடைவெளி மூடிய மாதிரி இது மூடாது. ஈரம் இவ்வளவு, கழிவு இவ்வளவு என்று பிரித்துக் காட்ட டெக்கில் எதுவும் இல்லை. காரணம் நமக்குத் தெரிந்த மாதிரி இருந்தாலும், "ஈரம் குறைந்ததால்" என்று சுருக்கத்தில் முடிவாக எழுதக் கூடாது. இரண்டு எண்ணையும் வைத்து, வித்தியாசத்தைச் சொல்லி, யாரிடம் கேட்டிருக்கிறோம் என்று எழுதுவதோடு நிற்க வேண்டும்.

இந்தச் சின்ன வித்தியாசம் வேறு ஸ்லைட்டையும் தொடுகிறது. ஸ்லைட் 3 வெளிக்கள எடையை வைத்து வீதம் போட்டதால் அங்கே 21.2, ஸ்லைட் 8-இல் 21.5. டீமேக்கருக்கு அந்த 0.3 மானப் பிரச்சினை. தொழிற்சாலையின் திறமையை அளப்பதென்றால் தொழிற்சாலைக்குள் வந்த எடையைத்தான் வைக்க வேண்டும், ஆகவே 21.5.

வித்தியாசம் மறுபக்கமாக இருந்தால், அதாவது மலையில் குறைவாகவும் தொழிற்சாலையில் கூடுதலாகவும் நிறுத்திருந்தால், அதை நான் லேசாக விடமாட்டேன். கொழுந்து வழியில் கனப்பதில்லை. மலையில் அளவுக்கு மேல் கழித்தார்களா என்ற கேள்வி வரும், கிலோக் கணக்கில் சம்பளம் எடுக்கும் பெண்களின் கேள்வி அது. அதைச் சுருக்கத்தின் அடிக்குறிப்பில் போடக் கூடாது, மேலேயே போட வேண்டும்.

312,000 கிலோ செய்து 298,500 தான் விற்றிருக்கிறோம். மீதியைக் கேட்பார்களே?

கேட்கட்டும், இது முரண்பாடே இல்லை. கையிருப்பு நடுவில் இருக்கிறது. மார்ச்சில் அரைத்த தேயிலை கொழும்பு ஏலத்துக்குப் போய் விலையாக வாரக்கணக்கில் ஆகும். வருஷத் தொடக்கத்தில் 21,000 இருந்தது. அதோடு 312,000 சேர்த்து, கடைசியில் இருந்த 32,700-ஐயும், மாதிரிகளுக்கும் தொழிலாளருக்கும் கொடுத்த 1,800-ஐயும் கழித்தால் சரியாக 298,500. இந்த ஒரு வரியைச் சுருக்கத்தில் போட்டால் போதும்.

வீதம் 21.0-இல் இருந்து 21.5 ஆனதை ஒருவர் 0.5 என்கிறார், இன்னொருவர் 2.4 வீத உயர்வு என்கிறார்.

0.5-ஐ 21-ஆல் வகுத்தால் 2.4 வீதம். ஒரே விஷயம்தான். "21.0-இல் இருந்து 21.5" என்று இரண்டு எண்ணையும் எழுதிவிடுங்கள், யாரும் குழம்பமாட்டார்கள்.

எல்லாம் கண்டுபிடித்தாச்சு. இப்போது சுருக்கத்தில் எப்படி எழுதுவது? எல்லாச் சண்டையையும் எழுதினால் ஒரு பக்கம் போதாதே.

எல்லாவற்றையும் எழுத வேண்டாம். முழுமையாக்கலை விடுங்கள். வரையறை மாறியதால் வந்த வித்தியாசத்துக்கு ஒரு வாக்கியம். பிழை என்றால், எந்த ஸ்லைட், ஏன் எடுக்கவில்லை என்று ஒரு வாக்கியம். தீராததைத் தீராதது என்றே எழுத வேண்டும். இந்த டெக்குக்கு நான் எழுதுவது இப்படி இருக்கும்:

> இதில் உள்ள எல்லா எண்களும் ஏப்ரல்–மார்ச் வருஷத்துக்கு.
>
> தயாரித்த தேயிலை 312,000 கிலோ. சொந்தக் கொழுந்தில் சுமார் 252,000, வாங்கிய கொழுந்தில் சுமார் 60,000. ஸ்லைட் 5 சொந்தக் கொழுந்தை மட்டும் காட்டுகிறது.
>
> விளைச்சல் ஹெக்டேயருக்கு 1,050 கிலோ: சொந்தக் கொழுந்து, பறிக்கும் 240 ஹெக்டேயர். ஸ்லைட் 13-இன் 1,300 வாங்கிய கொழுந்தையும் சேர்த்து வகுத்தது. இங்கே எடுக்கவில்லை.
>
> உற்பத்திச் செலவு கிலோவுக்கு 1,020 ரூபா. ஸ்லைட் 14-இன் 985 ஜனவரி–டிசம்பர் உற்பத்தியால் வகுத்தது. இங்கே எடுக்கவில்லை.
>
> விற்பனை 298,500 கிலோ. கையிருப்பு 21,000-இல் இருந்து 32,700 ஆகியிருக்கிறது. மாதிரிகளுக்கும் தொழிலாளருக்கும் 1,800.
>
> தீராதது: சொந்தக் கொழுந்து வெளிக்கள எடை 1,190,000, தொழிற்சாலை எடை 1,171,000. 19,000 கிலோ வித்தியாசத்துக்கு டெக்கில் விளக்கம் இல்லை. தொழிற்சாலை அலுவலகத்திடம் கேட்டிருக்கிறோம்.

காலத்தை முதல் வரியிலேயே சொல்லிவிட்டதால் பின்னால் ஒவ்வொரு வரியிலும் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. தள்ளிய எண்களைச் சொல்லாமல் விட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். டெக் கூட்டத்தில் எல்லோர் கையிலும் இருக்கும். 1,300-ஐ ஸ்லைட்டிலும் 1,050-ஐச் சுருக்கத்திலும் பார்ப்பவர், சுருக்கம் எழுதியவர்தான் பிழைவிட்டார் என்று நினைப்பார்.

பிழையான ஸ்லைட்டை நானே திருத்திவிடலாமா?

உங்கள் ஸ்லைட் என்றால் திருத்துங்கள். மற்றவருடையது என்றால், பெருக்கிக் காட்டி அவரிடமே சொல்லுங்கள். "சேர், 1,300-ஐ 240-ஆல் பெருக்கினா ஃபெக்டரி மொத்தம் வருதே, வாங்கின கொழுந்தும் சேர்ந்திருக்கோ?" என்று கேட்டால் யாரும் கோபப்படுவதில்லை. "உங்க எண் பிழை" என்றால்தான் வரும் வினை.

சுருக்கம் அனுப்பின பிறகு ஸ்லைட் 13-ஐத் திருத்திவிட்டார்கள். இப்போது என் சுருக்கம்தான் பிழை மாதிரி இருக்கிறது.

இதற்காகத்தான் சுருக்கத்தின் மேலே டெக் கோப்பின் பெயரையும், எந்தத் திகதி, எத்தனை மணிக்கு வந்த பிரதி என்பதையும் போடச் சொல்வேன். திருத்திய டெக் வந்ததும் உங்கள் எக்செல் பட்டியலில் ஸ்லைட் 13 வரிகளை மட்டும் மாற்றி, அந்த நான்கு கணக்கையும் மறுபடி ஓட்டிப் பாருங்கள். 1,300 போய் 1,050 வந்திருந்தால், விளைச்சல் பந்தியின் கடைசி இரண்டு வாக்கியத்தையும் வெட்டிவிட்டு, புதுத் திகதி போட்டு அனுப்புங்கள். 962 வந்திருந்தால், அவர்கள் இளங்கன்றையும் சேர்த்து வகுத்துவிட்டார்கள். திரும்பவும் ஃபோனை எடுக்க வேண்டியதுதான்.